கோப்பைக்குள் எத்தனை கிராம்?

கெமோமில் டீ பேக் ஒன்றைப் பிரித்து உள்ளே இருக்கும் உலர்ந்த பூவைத் தராசில் வைத்தால், பெரும்பாலும் ஒரு கிராம் தேறும், மிஞ்சினால் ஒன்றரை. ஐரோப்பிய மருந்துகள் முகமை அதே பூவுக்குக் குறித்துவைத்திருக்கும் அளவு ஒரு கோப்பைக்கு 1.5 முதல் 4 கிராம் வரை. "ஒரு வாரம் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிற பலர் குடித்தது கெமோமில் வாசனை அடித்த வெந்நீர்தான். "குடித்த அன்றே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்" என்கிறவர்களும் உண்டு. அவர்கள் குடித்ததும் அதே வெந்நீர்தான்.

தூக்கத்துக்கென்று விற்கப்படும் மூலிகைத் தேநீர்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: கெமோமில், வலேரியன், பேஷன்ஃபிளவர். மூன்றும் ஒரே பெட்டிக்குள் கலந்தும் வருகின்றன. ஆனால் ஒன்று பூ, ஒன்று வேர், ஒன்று இலையும் தண்டும். போட வேண்டிய அளவு வேறு, ஊற வேண்டிய நேரம் வேறு, பலன் தெரியக் காத்திருக்க வேண்டிய நாட்களும் வேறு. எதை எத்தனை கிராம், எத்தனை நாள் என்று தெரியாமல் குடித்தால், பலன் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

பெயர் பெற்ற கெமோமிலிலிருந்தே தொடங்கலாம். நடுவில் மஞ்சள் மொட்டும் சுற்றி வெள்ளை இதழ்களுமாக, நம்மூர்ச் சாமந்தியின் சின்னத் தங்கை போல இருக்கும் பூ இது. உண்மையிலேயே சாமந்திக் குடும்பம்தான். யுனானி மருத்துவர்கள் இதை பாபுனா என்ற பெயரில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். பூவில் உள்ள அபிஜெனின் என்ற பொருள், மூளையில் அமைதியைத் தூண்டும் 'காபா' ஏற்பிகளில் லேசாகப் போய் ஒட்டுகிறது. தூக்க மாத்திரைகள் பல வேலை செய்வதும் அந்த ஏற்பிகளில்தான். கெமோமில் தூக்கம் தரும் என்பதற்கு விளம்பரங்கள் சொல்லும் விஞ்ஞானக் காரணம் இதுவே. காரணம் தப்பில்லை. ஆனால் சோதனைக் கூடத்தில் ஒட்டும் பொருள், ஒரு கோப்பைத் தேநீரிலிருந்து குடல் வழியாக ரத்தத்தில் கலந்து, மூளைவரை போதுமான அளவில் போய்ச் சேருகிறதா என்பது தனிக் கேள்வி.

போய்ச் சேருகிறதா என்று மனிதர்களிடம் பார்த்த ஆய்வுகள் கொஞ்சம்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, நீண்டகாலத் தூக்கமின்மை உள்ள 34 பேருக்கு 28 நாட்கள் கெமோமில் சாறு மாத்திரையோ, அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தது. முடிவு 2011-ல் வெளியானது. தூங்கிய மொத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நேரம், இரவில் விழித்த தடவைகள் எதிலும் இரு குழுவுக்கும் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. தைவானில், குழந்தை பெற்றுத் தூக்கம் கெட்டிருந்த 80 தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வந்தது. இதில் ஒரு பாதியினர் இரண்டு வாரம் கெமோமில் தேநீரே குடித்தார்கள். உடல் தொந்தரவுகளால் தூக்கம் கெடுவது அவர்களிடம் குறைந்தது. மனச்சோர்வும் சற்றுக் குறைந்தது. பிறகு, நான்காவது வாரத்தில் பார்த்தபோது, குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஒன்றாகவே இருந்தார்கள். தாங்கள் தேநீர் குடிக்கிறோம் என்பது அந்தத் தாய்மார்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஐரோப்பிய முகமை கெமோமில் பூவை வயிற்று உப்புசம், லேசான வயிற்றுவலி, சளி, வாய்ப்புண் போன்றவற்றுக்குத்தான் பரிந்துரைப் பட்டியலில் வைத்திருக்கிறது. தூக்கம் அதில் இல்லை. ஆகவே கெமோமிலைப் பற்றி நான் நினைப்பது இது: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு கனத்து, அதனால் புரண்டு படுப்பவருக்கு அது உதவக்கூடும். மற்றவருக்கு அது காபின் இல்லாத ஒரு நல்ல சூடான பானம்.

காபின் இல்லாதது என்றதால் ஓர் எச்சரிக்கை. கடைகளில் 'கெமோமில் கிரீன் டீ' என்றும் விற்கிறார்கள். அட்டையில் பூப்படம் பெரிதாக இருக்கும். உள்ளே முக்கால்வாசி சாதாரணத் தேயிலை இருக்கும். அதில் காபின் உண்டு. தூக்கத்துக்கு என்று நம்பி, தூக்கத்தைக் கெடுப்பதையே படுக்கும் நேரத்தில் குடிக்கிறவர்கள் குறைவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

தயாரிக்கும் விதத்தில் நம் கஷாயப் பழக்கம் ஒரு இடைஞ்சல். நாலு பங்கு தண்ணீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சினால்தான் மருந்து இறங்கும் என்பது நம் கைக்குப் பழகிப்போன விஷயம். கெமோமில் அப்படிப்பட்ட சரக்கல்ல. அதன் மணமும் குணமும் பாதி, ஆவியாகிப் பறந்துபோகும் எண்ணெயில் இருக்கிறது. சுண்டக் காய்ச்சினால் அடுக்களை மணக்கும், கோப்பை மணக்காது. உதிரியாக வாங்கிய உலர் பூ ஒரு மேசைக்கரண்டி குவித்து எடுத்தால் சுமார் 3 கிராம். அதன்மேல் கொதித்து இறக்கிய நீரை 150 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர், ஊற்றி உடனே தட்டுப் போட்டு மூட வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் தட்டின் அடியில் கோத்திருக்கும் நீரையும் கோப்பைக்குள்ளேயே உதறிவிட்டு வடிகட்டலாம். பால் சேர்ப்பதில்லை. டீ பேக்தான் கிடைக்கிறது என்றால் ஒரே கோப்பைக்கு இரண்டு பேக் போடலாம். கோப்பை பெரிதாக இருக்கட்டும் என்று முந்நூறு மில்லி குடித்தால் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். தேநீரால் வந்த தூக்கம் தேநீராலேயே போகும்.

வலேரியன் முற்றிலும் வேறு ஜாதி. முதலில் அதன் நாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். உலர்ந்த வேர் இருக்கும் டப்பாவைத் திறந்தால், நாள் முழுக்க ஷூவுக்குள் இருந்த காலுறையின் வாடை வரும். மிகையல்ல. காலுறை நாற்றத்துக்குக் காரணமான ஐசோவலேரிக் அமிலம்தான் இதிலும் இருக்கிறது. நல்ல வலேரியனா என்று மூக்கை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்; மணமே இல்லாத வலேரியன் தேநீரில் வேர் பெயருக்குத்தான் இருக்கும். ஆய்வாளர்களுக்கு இந்த நாற்றம் பெரிய தலைவலி. மருந்து யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்பது தெரியாமல் இருந்தால்தான் ஆய்வு நேர்மையாக நடக்கும். இதிலோ நுகர்ந்ததுமே ஆளுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றில் அதிகம் ஆராயப்பட்டது இதுதான். அதிகம் சர்ச்சைக்குள்ளானதும் இதுதான். ஐரோப்பிய முகமை, வலேரியன் வேரை மதுசாரத்தில் இறக்கிய உலர்சாறு 400 முதல் 600 மில்லிகிராம் வரை எடுப்பதை, தூக்கக் குறைவுக்கு நிலைநாட்டப்பட்ட பயன்பாடு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியோ 2017-ல் வெளியிட்ட வழிகாட்டலில், தூக்கமின்மைக்கு வலேரியனைக் கொடுக்காமலிருப்பதே நல்லது என்ற பக்கம் சாய்ந்தது. இரு தரப்பும் பார்த்தது ஏறக்குறைய அதே ஆய்வுகளைத்தான். அவற்றில் பல சின்ன ஆய்வுகள். பயன்படுத்திய சாறு ஆய்வுக்கு ஆய்வு வேறு. முடிவுகள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன.

தேநீர் குடிப்பவர் இதில் கவனிக்க வேண்டியது, அங்கே ஏற்கப்பட்டது மதுசாரத்தில் இறக்கிய சாறு என்பதை. வேரில் முக்கியமானதாகக் கருதப்படும் வலேரினிக் அமிலம் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை. தேநீரை அந்த முகமை 'பாரம்பரியப் பயன்பாடு' என்ற கீழ்ப்படியில்தான் வைத்திருக்கிறது. நீண்டகாலமாக மக்கள் பயன்படுத்துகிறார்கள், பெரிய கேடு தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்; சோதித்து நிரூபித்தாயிற்று என்பதல்ல. தேநீருக்குக் குறித்த அளவு கோப்பைக்கு 0.3 முதல் 3 கிராம். நறுக்கிய வேர் ஒரு தேக்கரண்டி சுமார் இரண்டரை கிராம் இருக்கும். வேர் என்பதால் பூவைவிடக் கூடுதலாக, பத்திலிருந்து பதினைந்து நிமிடம் மூடி ஊறவேண்டும். படுக்க அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்பு குடிக்கலாம்.

வலேரியன் விஷயத்தில் பலரும் தவறவிடுவது நாட்கணக்கை. இது அன்றே பலன் தரும் சரக்கல்ல. இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் எடுத்தால்தான் முழுப் பலனும் தெரியும் என்று அந்த முகமையே சொல்கிறது. நாளைக்குத் தேர்வு, இன்றிரவு மட்டும் ஒரு கோப்பை என்று குடித்தால் நாற்றம்தான் மிச்சம். அதே நேரத்தில், இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்தும் தொந்தரவு அப்படியே இருந்தாலோ கூடினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. முரண்போலத் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்: இரண்டாம் வார முடிவில் ஏதோ கொஞ்சம் நல்ல மாற்றம் தெரிந்தால் நான்காவது வாரம்வரை போகலாம், ஒன்றுமே தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்தலாம்.

நம் நாட்டில் வலேரியன் என்று கிடைப்பது பெரும்பாலும் இமயமலைப் பக்கம் வளரும் இந்திய வலேரியன். ஐரோப்பிய வேரின் நெருங்கிய உறவு. அதே செடி அல்ல. உள்ளிருக்கும் பொருட்களின் விகிதம் வேறு. மேலே சொன்ன கிராம் கணக்கு ஐரோப்பிய இனத்துக்கானது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வேருக்கு அதை அப்படியே பொருத்துவது சரியல்ல. சித்த மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்வதுதான் முறை.

மூன்றாவது பேஷன்ஃபிளவர். தேநீர் என்ற வடிவத்திலேயே வைத்து ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது இது என்பதால், அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011-ல் வெளியானது அந்த ஆய்வு. 18 முதல் 35 வயதுவரை உள்ள 41 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு வாரம் ஒரு தேநீர் குடித்தார்கள். இடையில் ஒரு வாரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு வாரம் இன்னொரு தேநீர். ஒன்றில் இருந்தது பேஷன்ஃபிளவர் இலை. மற்றதில், நம் கொத்துமல்லிக்குச் சொந்தக்காரச் செடியான பார்ஸ்லி இலை. இரண்டும் பச்சைத் தழை வாசம் அடிக்கும் சாதுவான தேநீர்கள். எந்த வாரம் எது என்று ஊகிப்பது கடினம். ஒரு பேக்கில் 2 கிராம். 250 மில்லி கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, படுக்கும் முன் குடித்தார்கள். தினமும் காலையில் தூக்கக் குறிப்பேட்டை நிரப்பினார்கள்.

ஆறேழு விஷயங்களுக்கும் மேல் அளந்ததில், தெளிவாக மாறியது ஒன்றே ஒன்று: 'நேற்றிரவு தூக்கத்தின் தரம் எப்படி' என்ற கேள்விக்கு அவர்கள் தாமே கொடுத்த மதிப்பெண். அது சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. தூக்கம் சீக்கிரம் வரவில்லை, விழிப்பு குறையவில்லை. காலையில் எழுந்தபோது சற்று நன்றாகத் தூங்கியதாகத் தோன்றியது, அவ்வளவுதான். அவர்களும் தூக்கமின்மை நோயாளிகள் அல்லர். இளவயதில் அவ்வப்போது தூக்கம் முன்பின் ஆகும் சாதாரண மனிதர்கள். அதனால் பத்து வருடமாகத் தூங்காமல் தவிக்கும் அறுபது வயதுக்காரருக்கு இந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இந்த ஆய்வைப் பிடிக்கும். ஒரு கோப்பைத் தேநீரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு நேர்மையான அளவுகோல் அந்த 5 சதவீதம்.

ஐரோப்பிய முகமை இதற்குக் குறித்த அளவு, ஒரு வேளைக்கு 1 முதல் 2 கிராம், 150 மில்லி நீரில். உலர்ந்த தழை ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 2 கிராம் வரும். மனப் பதற்றத்தைத் தணிக்கவும் தூங்க உதவவும் என்று பாரம்பரியப் பயன்பாட்டில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். இதிலும் இரண்டு வாரம் பார்த்தும் பயனில்லை என்றால் மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள்.

மருந்தாகும் செடி தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்த பாசிஃப்ளோரா இன்கார்னேட்டா. இதன் சொந்தங்கள் நம் பக்கமும் இருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விற்கும் பேஷன் ஃப்ரூட் ஒன்று. வேலியோரம் படர்ந்து, வலைபோட்டு மூடிய சின்ன மஞ்சள் பழம் தரும் சிறுபூனைக்காலி இன்னொன்று. பூவைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். அதற்காகக் கொல்லையில் இருக்கும் கொடியின் இலையைப் பறித்துக் காயவைத்துத் தேநீர் போடக்கூடாது. அந்த இனங்களின் இலையிலும் பச்சைக் காயிலும் சயனைடை விடுவிக்கும் பொருட்கள் இருக்கின்றன. பழம் தின்பது வேறு விஷயம். பழத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

மூன்றையும் கலந்து குடித்தால் பலமாக இருக்குமே என்று தோன்றலாம். வலேரியன், பேஷன்ஃபிளவர், பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் மூன்றும் கலந்த மாத்திரை ஒன்றைக் கொல்கத்தா மருத்துவர்கள் ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 91 பேர், இரண்டு வாரம். 2013-ல் வந்த முடிவின்படி இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மூலிகை விற்பவர்களுக்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த ஆய்வில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. எதுவுமே கொடுக்காதவர்களும் அந்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் தேறியிருப்பார்களா என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. வீட்டில் குடிப்பவருக்கு இன்னொரு சிக்கல்: மூன்றையும் கலந்து குடித்துச் சொறி வந்தாலும், மறுநாள் தலை பாரமாக இருந்தாலும், எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். 46 வயது, வங்கி வேலை. இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்தால் பதினொன்றரை ஆகியும் தூக்கம் வருவதில்லை. ஆறு வாரமாக இப்படி. வேறு நோயில்லை, மருந்தில்லை. சாலையோரப் பார்த்தீனியம் செடி பட்டால் கை சிவந்து அரிக்கும்.

அந்த அரிப்பு முக்கியம். பார்த்தீனியமும் சாமந்தியும் கெமோமிலும் ஒரே குடும்பம். பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவருக்குக் கெமோமிலும் ஒவ்வாமல் போகலாம். அரிதாகக் கடுமையான மூச்சுத்திணறல்வரைகூடப் போயிருக்கிறது. ஆகவே இவருக்கு முதலிலேயே கெமோமில் கழிந்தது. படுத்ததும் நாளைய வேலை மண்டைக்குள் ஓடுவதுதான் இவர் தொந்தரவு என்பதால் பேஷன்ஃபிளவரைத் தேர்ந்தெடுக்கிறார்.

முதல் வாரம் தேநீர் இல்லை, குறிப்பேடு மட்டும். காலையில் எழுந்ததும் மூன்றே விஷயம்: தூக்கம் பிடிக்க உத்தேசமாக எத்தனை நிமிடம், இரவில் எத்தனை முறை விழிப்பு, தூக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். கடிகாரத்தைப் பார்த்து அளக்கக்கூடாது. பார்த்தால் அந்தக் கவலையிலேயே தூக்கம் போகும். வார முடிவில் சராசரி: 55 நிமிடம், ஒரு விழிப்பு, மதிப்பெண் 5. அடுத்த இரண்டு வாரம் தினமும் இரவு ஒன்பதரைக்கு 2 கிராம் தழை, 150 மில்லி நீர், பத்து நிமிட ஊறல். இரண்டாம் வார முடிவில் சராசரி 40 நிமிடம், மதிப்பெண் 6.

பலன் தெரிகிறது என்று பெட்டி பெட்டியாக வாங்கிவைக்கும் கட்டம் இதுதான். இவர் அப்படிச் செய்யாமல் அடுத்த வாரம் தேநீரை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டை மட்டும் தொடர்கிறார். சராசரி 41 நிமிடம். மதிப்பெண் அதே 6. தேநீர் போன பிறகும் முன்னேற்றம் போகவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினால் ஓரக்குறிப்பு ஒன்று கண்ணில் படுகிறது: இரவுத் தேநீர் தொடங்கிய அன்றே, 'இனிமேல் இது போதும்' என்று மாலை ஆறரை மணிக் காபியை விட்டிருக்கிறார். குடித்த காபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறரைக்குக் குடித்ததில் பாதி, பதினொன்றரைவரை அவரோடு விழித்திருந்தது. முன்னேற்றத்தில் பெரும்பங்கு காபியை விட்டதற்குத்தான் சேர வேண்டும் என்று தோன்றுகிறது.

மாறாக, நிறுத்திய வாரத்தில் சராசரி திரும்பவும் 55-ஐத் தொட்டிருந்தால், தேநீருக்கு ஏதோ பங்கிருக்கிறது என்று கொள்ளலாம். அது தழையில் உள்ள பொருளாகவும் இருக்கலாம். ஒன்பதரைக்குக் கைபேசியை வைத்துவிட்டு அடுப்பருகே பத்து நிமிடம் சும்மா நின்றதாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அவருக்கு நஷ்டமில்லை. வலேரியனாக இருந்தால் குடிக்கும் காலத்தை நான்கு வாரமாக நீட்டிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இதே முறைதான்.

குடிக்கக்கூடாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2006-ல் கனடாவிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வந்தது. 70 வயதுப் பெண்மணி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துவந்தவர். இருமலுக்கும் கால் வீக்கத்துக்குமாகக் கெமோமில் தேநீரையும் கெமோமில் பூச்சையும் தாராளமாகப் பயன்படுத்தினார். உடலுக்குள் ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இதய வால்வு மாற்றியவர்கள் உள்பட, வார்ஃபரினோ அசினோகூமராலோ எடுப்பவர்கள் கெமோமிலைத் தொடாமலிருப்பதே சரி. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வலேரியனும் பேஷன்ஃபிளவரும் வேண்டாம். பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே. வலேரியனோ பேஷன்ஃபிளவரோ குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. காலையிலும் மந்தமாக இருந்தால் அளவைப் பாதியாக்கிப் பார்க்கலாம். அப்படியும் போகாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் காமாலை அறிகுறியோ கருத்த சிறுநீரோ தெரிந்தால் வலேரியனை அன்றே விட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் பதிவாகியிருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு கூட்டம். வருடக்கணக்காக அல்பிரசோலமோ குளோனசெபமோ எடுப்பவர்கள், 'இயற்கையானது கிடைத்துவிட்டது' என்று ஒரே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீருக்கு மாறுகிறார்கள். அந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்பேகூட வரும். எந்தத் தேநீராலும் அதைத் தடுக்க முடியாது. மருத்துவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் அவற்றிலிருந்து வெளியே கொண்டுவருவார். மாத்திரையோடு சேர்த்து வலேரியனைக் குடிப்பதும் ஆபத்து, மயக்கம் இரட்டிப்பாகலாம். மதுவோடும் அப்படித்தான்.

சில தூக்கக் கேடுகளுக்குத் தேநீரைச் சோதித்துப் பார்ப்பதே நேர விரயம். குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத்தடை நோய். படுத்ததும் கால்களை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல் இருந்தால் இரும்புச் சத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, வாழ்வே பாரமாகத் தோன்றினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தூக்கமில்லை என்றால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதற்கு மருத்துவ அமைப்புகள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையையும் அல்ல, மூலிகையையும் அல்ல; தூக்கமின்மைக்கென்றே உருவான நடத்தைச் சிகிச்சையை. தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்காமல் எழுந்துபோவது, எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் இருக்கும் நேரத்தையே கணக்குப்போட்டுக் குறைப்பது என்று ஆறெட்டு அமர்வுகளில் மனநல மருத்துவரோ உளவியலாளரோ அதைக் கற்றுத்தருகிறார்.

அவரிடம் போகும்போது தூக்கக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப்போகலாம். அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். என்ன தேநீர், எத்தனை கிராம், எத்தனை நாள் என்பதும் அதில் இருக்கட்டும். அறுவை சிகிச்சை ஏதும் நடக்கவிருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் இதே தகவலைச் சொல்ல வேண்டும். 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று அவர் கேட்கும்போது, தேநீர்தானே என்று பலர் இல்லை என்றே சொல்லிவிடுகிறார்கள்.